கொம்பு, எழுத்து, கால்

சித்ராவுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருபத்திரண்டு வருடமாக டிடிபி வேலை பார்க்கிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? கரையான்சாவடி மெயின் ரோட்டில், பிரியாணிக் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவே பத்துக்குப் பன்னிரண்டில் அவள் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி நோட்டீஸ், எல்லாம் அவள் கையால் போனவைதான். எதுவானாலும் காகிதத்தில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் வரி வரியாகப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவாள். "ஸ்க்ரீன் பொய் சொல்லும், பேப்பர் சொல்லாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். கடைசியில் அந்தப் பேப்பர்தான் அவளைக் கவிழ்த்தது.

போன தை மாதம் ஒரு வேலை வந்தது. திருவேற்காட்டில் மறுகரை இல்லம் என்று ஒன்று. மனசு கலங்கித் தெருவில் திரிகிறவர்களை அழைத்து வந்து சோறு போட்டு வைத்தியம் பார்க்கிற இடம். வெளியூர்களில் நான்கு கிளை. அங்கே சேர்ந்த ஒவ்வொருவரையும் பற்றி, எங்கே கிடைத்தார், என்ன பெயர் சொன்னார், உடம்பில் என்ன அடையாளம், கையில் என்ன வைத்திருந்தார் என்று இருபத்தைந்து வருடமாகக் கணினியில் தட்டி வைத்திருந்தார்கள். மொத்தம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பேர். அத்தனையும் பழைய தமிழ் எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும்.

"யூனிகோடுக்கு மாத்திக் கொடு சித்ரா. இணையத்துல போட்டுட்டா, தொலைச்ச குடும்பம் ஊட்ல இருந்தே பேரைத் தட்டித் தேடிக்கும்" என்றார் இல்லத்தின் மேலாளர் சுலோசனா. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஐ.டி. பையன் ஸ்ரீநாத், தேடல் பக்கத்தைச் சும்மாவே செய்து தருவதாகச் சொல்லியிருந்தான்.

சித்ராவுக்கு இந்த வேலை தண்ணி பட்ட பாடு. பழைய எழுத்துருவில் எழுத்துகள், கண்ணால் பார்க்கிற வரிசையிலேயே உள்ளே கிடக்கும். 'பொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ப, பிறகு கால். மூன்று விசை. யூனிகோடு அப்படியில்லை. ப முதலில், அதன் பின்னால் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி. ஆகவே மாற்றுகிறவள் எக்செலில் ஓர் அட்டவணை போட வேண்டும். இடது பக்கம் பழைய சேர்க்கை, வலது பக்கம் புதிய எழுத்து. ஒரு சின்ன மேக்ரோ நிரல் அந்த அட்டவணையின் முதல் வரியை எடுத்துக் கோப்பு முழுக்க மாற்றும், பிறகு இரண்டாம் வரி, பிறகு மூன்றாவது. மேலிருந்து கீழாக, சொன்ன வரிசை தவறாமல்.

சூட்சுமமெல்லாம் அந்த வரிசையில்தான். 'கொம்பு, ப, கால்' என்ற நீளமான வரி மேலே இருக்க வேண்டும். 'கொம்பு, ப' என்ற குட்டை வரி அதற்குக் கீழே. குட்டை முந்திக்கொண்டால், அது கொம்பையும் ப-வையும் தின்றுவிட்டுப் 'பெ' என்று ஆக்கிவிடும். கால் அனாதையாக நிற்கும். இதைச் சித்ராவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொம்பு வருகிற சேர்க்கைகளை எல்லாம் முதல் தாளில் நீளம் பார்த்து அடுக்கினாள். தனி எழுத்துகளையும் தனிக் காலையும் இரண்டாம் தாளில் வைத்தாள். கௌரி என்பதில் வருகிற வாலும் வெள்ளி என்பதில் வருகிற ள-வும் பழைய எழுத்துருவில் ஒரே விசை என்பதால், கௌரி போன்ற சொற்களை முழுச் சொல்லாகவே தலைமாட்டில் ஏற்றினாள். மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த அட்டவணை அது.

சோதனைக்குக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தாள். ஸ்ரீநாத் அதிலிருந்து முப்பது பெயர் கொடுத்தான். தட்டித் தேடினார்கள். முப்பதும் வந்தன. பையன் அசந்து போனான். "அக்கா, எங்க ஆபீஸ்ல கூட இவ்ளோ நீட்டா பண்ண மாட்டாங்க."

மறுநாள் காலை அவனே ஒரு செய்தி அனுப்பினான். முதல் தாளில் சில வரிகள் இரண்டு தடவை இருக்கிற மாதிரி தெரிகிறது அக்கா, பார்த்துவிடுங்கள் என்று.

இருந்தால் என்ன? ஒரே வரி இரண்டு தடவை ஓடினால் யார் குடியும் முழுகாது. ஆனால் திமிர் பிடித்தவளுக்கு அது உறுத்தியது. இரட்டை வரிகள் பக்கத்துப் பக்கத்தில் வரட்டும் என்று இடப்பக்கப் பத்தியைத் தேர்ந்து, அகர வரிசை பொத்தானை ஒரு தட்டுத் தட்டினாள். மூன்று இரட்டை வரிகள் சிக்கின. நீக்கினாள். சேமித்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அவசரம் என்று வந்து நின்றார். எழுந்து போனாள். வரிசையைத் திருப்பி வைக்கவில்லை.

அகர வரிசையில் குட்டைதான் முதலில் வரும், நீளம் பின்னால். மூன்று வாரம் அடுக்கியதெல்லாம் ஒரே தட்டில் தலைகீழ். சாயங்காலம் வந்து மொத்தக் கோப்பையும் அதில் ஓட்டினாள். தேடிப் பார்க்கவில்லை. நேற்றுத்தானே பார்த்தோம் என்ற நினைப்பு. அதற்குப் பதிலாக அதிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பக்கம் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். ஒரு பிழை இல்லை. எப்படி இருக்கும்? ப-வுக்குக் கொம்பு தனியாக, கால் தனியாக ஒட்டியிருந்தாலும் திரை அவற்றைச் சேர்த்துப் 'பொ' என்றுதான் வரையும். அச்சும் அப்படியேதான் வரும். காகிதத்தில் பார்க்கிற கண்ணுக்கு ஒரு மயிரிழைகூட வித்தியாசம் தெரியாது. கணினி மட்டும், இது வேறு அது வேறு என்று சொல்லும்.

பாவி, அந்தக் காகிதத்தைத்தான் நம்பினாள்.

*

ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கையில் சம்பத் கடைக்கு வந்தார். முத்தாபுதுப்பேட்டைக்காரர். அங்கே வயல் இருந்த காலத்தில் உழுத குடும்பம், இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறார். வருடத்துக்கு இரண்டு தடவை அவர் வருவது வழக்கம். ஆடிக்குத் திருவேற்காட்டில் ஒட்ட ஒரு கட்டு, கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் ஒட்ட ஒரு கட்டு. 'காணவில்லை' நோட்டீஸ். படத்தில் இருப்பது அவருடைய அம்மா பொன்னம்மாள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர் திரும்பவில்லை. அதற்கு முன்னாலேயே மனசு கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கிக்கொண்டிருந்தது.

"சாவியக்கூட இடுப்புல சொருகிகினு பூட்ச்சுமா. பூட்ட ஒடச்சுதான் உள்ள பூந்தோம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். சித்ராவும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிறவள்போல உச்சுக் கொட்டுவாள்.

இந்தத் தடவை அவளுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. முகமெல்லாம் பூரிப்பு.

"அண்ணே, இனிமே நோட்டீஸ் ஒட்டிக்கினு அலைய வேணாம். மறுகரை இல்லத்துக்கு நாலு ஊர்ல கிளை கீது, ஆயிரக்கணக்கான பேர் கீறாங்க. அத்தினி பேரும் இதுல கீது. நானே ஏத்துனது. பேர் சொல்லுங்க, ரெண்டு செகண்டு."

சம்பத் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கைகள் இரண்டும் தொடைக்கு நடுவே போயின. சித்ரா 'பொன்னம்மாள்' என்று தட்டினாள்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றது பக்கம்.

ஊர்ப் பெயரைத் தட்டினாள். முத்தாபுதுப்பேட்டையில் யாரும் இல்லை.

"வேற பேர் ஏதாச்சும் சொல்லியிருப்பாங்களா?"

"அது பேர அது மறக்காதுமா. எம் பேர மறந்துடும், அது பேர மறக்காது." சம்பத் திரையை எட்டிப் பார்த்தார். "ஒருவாட்டி நேர்ல போயி போட்டோவக் காட்டிட்டு வந்துடட்டா? நாலு ஊர்ல கீதுன்றியே, லாரிக்கு லீவு போட்டுட்டு…"

"எதுக்குண்ணே வீண் அலைச்சல்? அங்க போனாலும் இதே கம்ப்யூட்டரத்தான் பாப்பாங்க. இதுல இல்லன்னா அங்க இல்ல."

சொன்னவள் சித்ராதான். வேறு யாரும் இல்லை. மூவாயிரம் பேரில் பொன்னம்மாள் என்று ஒருத்திகூடவா இருக்க மாட்டாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. பக்கம் கேட்டபடி அவருடைய கைபேசி எண்ணையும் பதிந்து வைத்தாள். பிற்பாடு யாராவது சேர்ந்தால் தகவல் சொல்வதற்காக ஸ்ரீநாத் வைத்திருந்த ஏற்பாடு அது. சம்பத் நோட்டீஸ் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவேற்காட்டுக்குப் போனார்.

*

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சுலோசனா கைபேசியில் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு.

"சித்ரா, நான் இருவது வருஷமா இந்த இல்லத்துல வேலையே பாக்கல தெரியுமா?"

"என்னா மேடம் சொல்றீங்க?"

"நான் சேர்த்த ஆளுங்க எத்தினி பேருன்னு ஒரு அறிக்கைக்கு வேணும். 'சேர்த்தவர்'னு ஒரு பத்தி இருக்கே, அதுல எம் பேரத் தேடுனா ஒண்ணும் கிடைக்கலங்குது. எதிர்ல எம் பேரு வரிசையாத் தெரியுது. தேடுனா இல்லன்னுது. பேயாட்டம் ஆயிட்டேன்."

சித்ராவும் சிரித்தாள். கோப்பைத் திறந்தாள். ஆமாம், சுலோசனா, சுலோசனா, சுலோசனா என்று பத்தி முழுக்க இருந்தது. அவளே ஒரு தடவை தட்டித் தேடினாள். இல்லை. அப்போதும் சிரிப்புப் போகவில்லை. பத்தியின் ஒரு கட்டத்தில் இருந்த பெயரில் 'லோ'வுக்குப் பின்னால் சுட்டியை வைத்து, பேக்ஸ்பேஸை ஒரு தட்டுத் தட்டினாள்.

கால் மட்டும் போயிற்று. 'லே' நின்றது.

ஒழுங்கான யூனிகோடில் அந்தக் குறி ஒரே துண்டு. தட்டினால் கொம்பும் காலும் சேர்ந்தே போய், மொட்டை 'ல' நிற்க வேண்டும். சித்ரா அட்டவணையைத் திறந்தாள். முதல் தாள், அகர வரிசையில், கொலுப்படி மாதிரி அழகாக அடுக்கியிருந்தது. குட்டை வரிக்குக் கீழே நீள வரி. குட்டை வரிக்குக் கீழே நீள வரி. கடைசிவரை அப்படியே.

"மேடம், நான் திரும்பக் கூப்புடுறேன்" என்று வைத்தாள்.

கோப்பில் கொம்புக்குப் பின்னால் ஒண்டியாகக் கால் வந்த இடங்களை எண்ணச் சொன்னாள். பதினோராயிரத்து நானூற்று அறுபது. பெயரில் கொ, கோ, பொ, போ, லோ, மோ என்று எது இருந்தாலும், அந்த மனிதர் பத்து மாதமாகத் தேடுகிறவர் கண்ணுக்கு இல்லை. கோபி இல்லை. கோமதி இல்லை. மோகன் இல்லை. யசோதா இல்லை.

பிறகு பொன்னம்மாள் என்று நினைவுக்கு வந்தது.

கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். நல்லவேளை, பழைய கோப்பையும், அதன்பிறகு கிளைகள் மாதாமாதம் அதே பழைய எழுத்துருவில் அனுப்பிவந்த புதுக் குறிப்புகளையும் தொடாமல் வைத்திருந்தாள். அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு வரியிலும் எத்தனை எழுத்து என்று எண்ண வைத்தாள். நீளமானது மேலே, குட்டை கீழே என்று அந்த எண்ணை வைத்தே அடுக்கினாள். இன்னொரு பத்தியில் வரிசை எண் போட்டாள், இனி எவள் கலைத்தாலும் திரும்ப வைக்க வழி இருக்கட்டும் என்று. மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். ஒண்டிக் கால் எத்தனை? பூஜ்யம். நேர்த்தியான வேலை. அவளுக்கு அழுகையாக வந்தது.

பிறகுதான் தட்டினாள், பொன்னம்மாள் என்று.

ஏழு பேர் வந்தார்கள். ஐந்து பேர் வயது பொருந்தவில்லை. ஆறாவது ஆள் சேர்ந்தது இருபது வருடத்துக்கு முன். ஏழாவது, வரிசை எண் 2317. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து காவலர்கள் கொண்டு வந்து விட்டது, ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஆவணி. செய்யாறு பக்கத்துக் கிளை. ஊர்: 'ஏரிக்கரைக்கு அந்தாண்ட ஊடு' என்கிறார், ஊர்ப் பெயர் சொல்லத் தெரியவில்லை. அடையாளம்: வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு. உடைமை: ஒரு சாவி. கேட்டால் கொடுக்க மறுக்கிறார்.

சித்ரா அந்த வரியை மூன்று தடவை படித்தாள்.

அதற்குக் கீழே ஆறு மாதத்துக்கு ஒரு குறிப்பு. தட்டினவர் சோம்பேறி போல, எல்லாவற்றிலும் ஒரே வாசகம். உடல்நிலை பரவாயில்லை. மகன் வருவான் என்கிறார். உடல்நிலை பரவாயில்லை. மகன் வருவான் என்கிறார். பதினேழு தடவை. பதினெட்டாவது குறிப்பு இந்த வருட ஐப்பசியில் எழுதியது. நிமோனியா. காலை ஆறு மணிக்குக் காலமானார். உரிமை கோர யாரும் இல்லாததால் சட்டப்படி கிளையே தகனம் செய்தது.

ஆடிக்கு முந்தின வாரம் சம்பத் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஐப்பசி வரைக்கும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. பூந்தமல்லியிலிருந்து செய்யாற்றுக்குப் பேருந்தில் மூன்று மணி நேரம். நேரில் போகிறேன் என்றாரே மனுஷன். போயிருந்தால் வாசலிலேயே புருவத் தழும்பைப் பார்த்திருப்பார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா இவள்?

*

மறுநாள் ஸ்ரீநாத் கடைக்கே வந்தான். சரிசெய்த கோப்பை வாங்கிக்கொண்டு பக்கத்தில் ஏற்றினான். எண் பதிந்துவிட்டுப் போனவர்களின் பட்டியலையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, பொருந்தி வந்தவற்றை ஒரு பட்டியலாக்கி அவளுக்கு அனுப்பினான். இதுவரை தேடி ஏமாந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அதில் ஒன்பது பேர் தேடிய பெயர்கள் இப்போது கிடைக்கின்றன. பொன்னம்மாளையும் சேர்த்து.

அவன் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, என் மேலயும் தப்பு இருக்கு. ரெண்டு விதமா இருந்தாலும் ஒண்ணுன்னு எடுத்துக்கற மாதிரி தேடல எழுதியிருக்கலாம். ஒரே ஒரு வரி. நான் யோசிக்கல."

"வரிசையக் கலைச்சவ நான்."

"அது வந்து… அந்த ஒம்பது பேருக்கும், டேட்டா அப்டேட் ஆயிருக்கு, மறுபடி தேடிப் பாருங்கன்னு ஒரு மெசேஜ் போட்டுடலாமா? அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

"இல்லதான்" என்றாள் சித்ரா. பொய் இல்லைதான். யாரும் யாரையும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவரவர் தேடுவார்கள், கிடைக்கும், அழுவார்கள், அல்லது ஓடுவார்கள். சித்ராவின் பெயர் எங்கேயும் வராது. எத்தனை சுலபம் பாருங்கள்! அந்தச் சுலபம் அவளுக்கு வேண்டியும் இருந்தது, அதை மறைப்பானேன். "திங்கக்கிழம சொல்றேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சம்பத் வந்தார். தீபத்துக்கு இருநூறு நோட்டீஸ் சொல்லியிருந்தார். போன வாரமே அச்சாகி, நூல் கட்டி, மூலையில் தயாராக இருந்தது.

"ரெடியாமா? சாய்ங்காலம் வண்டி ஏறுறேன். கிரிவலப் பாதைல இந்த தபா ரெண்டு பக்கமும் ஒட்டிடலாம்னு கீறேன்."

"உக்காருங்கண்ணே."

"உக்கார நேரமில்ல…" என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "இன்னாமா, மேலு கீலு சரியில்லையா?"

"அம்மா கெடச்சிருக்காங்கண்ணே."

இப்படியா ஆரம்பிப்பது? இரண்டு நாளாக எத்தனையோ விதமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கடைசியில் வாயில் வந்தது இதுதான். சம்பத்தின் முகம் விரிந்த விரிவை அவள் தன் ஆயுசுக்கும் மறக்கப் போவதில்லை. எழுந்தே விட்டார்.

"எங்க? எங்கமா கீது?"

"உக்காருங்கண்ணே. உசுரோட இல்ல."

அவர் நின்றபடியே இருந்தார். சித்ரா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது. செய்யாறு, தழும்பு, ஐப்பசி, நிமோனியா என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாவி என்று சொன்னபோதுதான் அவர் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார். வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டார். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ ஆளைக் கூவிக் கூவி அழைத்துக்கொண்டிருந்தது.

ஆட்டோ நகர்ந்த பிறகு துண்டை எடுத்தார்.

"ஐப்பசின்னியா?"

"ஆமாண்ணே."

"நான் ஒங்கிட்ட வந்தது ஆடிக்கு முன்ன."

"ஆமா."

"நீ தட்டுன. எங் கண்ணு எதுர்ல."

"நான்தான் தட்டுனேன். அம்மா அதுக்குள்ளதான் இருந்தாங்க. நான் ஒரு அட்டவணைய வரிசை மாத்தி வச்சுட்டேன். அதனால அவங்க பேரு கண்ணுக்குத் தெரியும், தேடுனா வராது. என் தப்புதாண்ணே. வேற யாரும் இல்ல. நேர்ல போறேன்னீங்க. வேணாம்னு சொன்னதும் நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. சம்பத் அடிக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

"காட்டு" என்றார்.

திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய அசைய, எழுத்துக்கூட்டிப் படித்தார். மகன் வருவான் என்கிறார் என்ற இடத்துக்கு வந்ததும் விரலைத் திரையில் வைத்தார். அடுத்ததற்கு நகர்த்தினார். அதற்கு அடுத்தது. பதினேழையும் படித்தார், ஒன்றைக்கூட விடாமல்.

"அந்தச் சாவி?"

"கிளையில கேட்டேன். ஒரு கவர்ல போட்டு வச்சிருக்காங்களாம்."

"பூட்டத்தான் ஒடச்சுட்டமே" என்றார் சம்பத்.

சித்ரா திரையைப் பழையபடி தன் பக்கம் திருப்பினாள். அப்போது அவர் கண் மேசையில் கிடந்த காகிதத்தில் விழுந்தது. ஒன்பது பெயர், எதிரே ஒன்பது எண். அவர் பார்ப்பது முதல் பெயரைத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அவருடைய அம்மா பெயர். எதிரே அவருடைய எண்.

"இவங்கள்லாம் யாரு?"

"உங்கள மாதிரி தேடி… நான் இல்லன்னு காட்டுனவங்க."

"மிச்சம் எட்டு பேரு. உசுரோட கீறாங்களா?"

"அஞ்சு பேர் இருக்காங்க. மூணு பேர் இல்ல."

"இவங்களுக்குச் சொல்லிட்டியா?"

"இல்லண்ணே."

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"வியாழக்கிழம."

சம்பத் அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். கண்ணில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. "இன்னிக்கு சனி" என்றார். நோட்டீஸ் கட்டைக் காலால் தள்ளி ஓரமாக்கி, நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போன எடு. ஒவ்வொருத்தரா கூப்புடு. நான் குந்திகினு கீறேன்."

"அண்ணே, மெசேஜ் அனுப்பலாம்னு ஸ்ரீநாத்…"

"மெசேஜ்லாம் வாணாம். எனக்குச் சொன்ன பாரு வாயால, அதே மாதிரி சொல்லு. இன்னா பண்ணன்றதையும் சேத்து."

சித்ரா கைபேசியை எடுத்தாள். இரண்டாவது பெயர் கோமதி. தேடியவர் அம்பத்தூர்க்காரர். உயிரோடு இருக்கிறவள், இல்லத்தின் திருவேற்காட்டுக் கட்டடத்திலேயே, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில். முதல் தடவை எண் தப்பிப்போனது. சம்பத் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சொன்னார். அவள் அழுத்தினாள்.

நாலு தடவை மணி அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். குக்கர் விசில் சத்தம் பின்னால் கேட்டது. "அலோ, யாரு?"

"நான் கரையான்சாவடில டிடிபி கடை வச்சிருக்கற சித்ரா பேசறேங்க. பங்குனி மாசம் நீங்க கோமதின்னு ஒருத்தரத் தேடுனீங்க. இல்லன்னு வந்துச்சு. அவங்க அப்பவும் இருந்தாங்க, இப்பவும் இருக்காங்க. இல்லன்னு காட்டுனது என்னோட தப்பு."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று விழுந்தது. பிறகு அந்தப் பெண் கத்தத் தொடங்கினாள். அழுகையா, ஏச்சா, யாரையோ கூப்பிடுகிறாளா, ஒன்றும் விளங்கவில்லை. சித்ரா கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த எண்ணின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தார்.